இந்தி விளம்பரத்துக்குள் ஆங்கிலப் பெயர்: ஒரே படத்தில் இரண்டு எழுத்துகளைப் படித்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புறக்கோட்டைக் கடைகளுக்கு இந்தியாவிலிருந்து வரும் சரக்குகளின் பெட்டிகளையும் துண்டு விளம்பரங்களையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்கிக் கொடுப்பது என் தொழில். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க Tesseract என்னும் இலவச எழுத்துணரியைப் பயன்படுத்துகிறேன். அதனால் கீழே வரும் கட்டளைகள் அதற்குரியவை. கடைக்காரர்களும், இந்த வேலையைப் பழக வந்த பிள்ளைகளும் என்னிடம் கேட்டவையே இங்கே கேள்விகளாக இருக்கின்றன.

அண்ணா, இந்தி வாசகம் எல்லாம் சரியாக வருகிறது. நடுவில் இருக்கும் ஆங்கிலப் பெயர் மட்டும் ஏன் குப்பையாக வருகிறது?

நீங்கள் `-l hin` என்று மட்டும் கொடுத்திருப்பீர்கள். அப்போது எழுத்துணரி இந்திக்காகப் பழக்கப்பட்ட ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு படத்தைப் பார்க்கிறது. அந்த மாதிரிக்குப் பழக்கமில்லாத வடிவம் வந்தால் "இது எனக்குத் தெரியாது" என்று இடத்தை வெறுமையாக விடாது. தனக்குத் தெரிந்தவற்றுள் எது கிட்டத்தட்ட ஒத்திருக்கிறதோ அதை எழுதிவிடும். ஆங்கில R தேவநாகரி இரண்டைப் போலத் தெரியும். I, L போன்ற நெடுங்கோடுகள் இந்தியின் முற்றுப்புள்ளியான தண்டாவாக மாறும். O பூச்சியமாகும். ஒரு சமையற்பாத்திரப் பெட்டியில் இருந்த பெயர் எனக்கு இப்படி வந்தது (உண்மைப் பெயரை மறைத்து `ORILO` என்று மாற்றியிருக்கிறேன்):

```
0२॥0
```

இந்தி படிக்கத் தெரியாதவருக்கு இதுவும் இந்தியாகத்தான் தோன்றும். அப்படியே மொழிபெயர்ப்பாளரிடம் போனால் அவரும் தடுமாறுவார். ஆகவே முதலில் கேட்க வேண்டியது "இந்தப் பக்கம் என்ன மொழி" என்பதல்ல, "இந்தச் சொல் என்ன எழுத்து" என்பது. ஒவ்வொரு சொல்லுக்கும் அதைத் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும்.

அப்படியானால் hin+eng என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் முடிந்ததுதானே?

பாதி முடிந்தது. கூட்டல் குறி போட்டுக் கொடுத்தால் முதலில் எழுதிய மொழியே முதன்மையாகும். அதன் விடை திருப்தியாக இல்லாதபோதுதான் அடுத்த மொழியின் விடை பார்க்கப்படும், அதிக மதிப்பெண் பெற்றது தேர்வாகும். முதல் மொழி தவறான விடையைத் துணிச்சலோடு சொல்லிவிட்டால் அந்தத் தவறே நின்றுவிடுகிறது. குறுகிய பெயர்களில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் மூன்று நான்கு எழுத்தில் சந்தேகம் எழுவதற்கே இடமில்லை. `eng+hin` என்று முறையை மாற்றினால் நோய் மறுபக்கம் திரும்பும்: சிறிய இந்திச் சொற்கள் ஆங்கில எழுத்தாக வரத் தொடங்கும்.

இதைவிட நல்ல வழி, மொழிக்கான மாதிரியை விட்டு எழுத்துக்கான மாதிரியை எடுப்பது. Tesseract இல் `script/Devanagari` என்று ஒன்று இருக்கிறது. இந்தி, சமஸ்கிருதம், மராத்தி, நேபாளி ஆகியவற்றோடு ஆங்கிலத்தையும் சேர்த்தே அதைப் பழக்கியிருக்கிறார்கள். ஒரே மாதிரிக்குள் இரண்டு எழுத்தும் இருப்பதால் ஒரு வரியின் நடுவில் எழுத்து மாறினாலும் அது தடுமாறுவது குறைவு.

```
tesseract --list-langs
tesseract petti.png out -l script/Devanagari --psm 6 txt tsv
```

முதற்கட்டளை காட்டும் பட்டியலில் அந்த மாதிரியின் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே இரண்டாவதில் தட்டுங்கள். பட்டியலில் அது இல்லையென்றால் தனியாக நிறுவ வேண்டும். மென்பொருளோடு தானாக வருவதில்லை.

`--psm 0` போட்டால் என்ன எழுத்து என்று அதுவே சொல்லிவிடும் என்கிறார்களே?

பக்கம் முழுவதற்கும் ஒரே ஒரு விடைதான் சொல்லும். இந்தி விளம்பரத்தைக் கொடுத்தால் `Devanagari` என்று வரும், அது சரியான விடையும்கூட. ஆனால் உள்ளே ஆங்கிலச் சொற்கள் எங்கே இருக்கின்றன என்பதற்கு அதில் ஒரு குறிப்பும் இராது. தலைகீழாக எடுத்த படங்களை நிமிர்த்த அது உதவும். நம்முடைய சிக்கலுக்கு உதவாது.

ஒரு பெட்டியை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை செய்து காட்டுங்கள்.

மேலே சொன்ன அதே பெட்டியை எடுக்கிறேன். மெயின் வீதியில் உள்ள ஒரு பாத்திரக் கடைக்கு வந்த பிரஷர் குக்கர் பெட்டி. சிவப்பு அட்டை; இந்தி வாசகம் வெள்ளையில்; நிறுவனப் பெயர் மட்டும் மஞ்சளில், மற்றச் சொற்களைவிடப் பெரிதாக. கைத்தொலைபேசியில் எடுத்த படம். படிக்க வேண்டியது இவ்வளவுதான்:

```
अब ORILO प्रेशर कुकर पर 5 साल की वारंटी।
MRP ₹1,495
```

ORILO பிரஷர் குக்கருக்கு இனி ஐந்து வருட உத்தரவாதம் என்பது முதல் வரியின் பொருள்.

முதல் வேலை நிறம். இந்த எழுத்துணரி வெளிர்ந்த பின்னணியில் கறுத்த எழுத்தை எதிர்பார்க்கிறது. இங்கே நேர்மாறாக இருக்கிறது. சும்மா கறுப்பு வெள்ளையாக்கினால் சிவப்பும் மஞ்சளும் இரண்டு சாம்பல் நிறங்களாகி அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு குறைந்துவிடும். ஆகவே படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று தளங்களில் ஒன்றை மட்டும் எடுக்கிறேன். சிவப்புத் தளத்தில் அட்டையும் எழுத்தும் ஒரே பிரகாசமாக இருக்கும், எதுவும் தெரியாது. நீலத் தளத்தில் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரியும். ஆனால் மஞ்சளில் நீலம் இல்லாததால் நிறுவனப் பெயர் அட்டையோடு அட்டையாகக் கரைந்துவிடும். இந்தி முழுவதும் வந்து பெயர் மட்டும் காணாமற்போகும் படங்களில் பெரும்பாலும் இதுதான் காரணம். பச்சைத் தளத்தில் வெள்ளை, மஞ்சள் இரண்டுமே வெளிச்சமாகவும் அட்டை கறுப்பாகவும் இருக்கும். அதை எடுத்துத் தலைகீழாக்கினால் வேண்டியது கிடைத்துவிடும்.

```
magick petti.jpg -channel G -separate +channel -negate -resize 200% petti.png
```

இருமடங்காக்கியது அளவுக்காக. ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம் ஏறத்தாழ 30 பிக்சல் இருந்தால் நல்லது. 15க்குக் கீழே போனால் இந்தியின் மேல் மாத்திரைகளும் புள்ளிகளும் உதிரத் தொடங்கும். ஏற்கனவே பெரிதாக இருந்தால் பெருக்க வேண்டாம்.

அடுத்து வாசகம் உள்ள பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, முன் பதிலில் தந்த கட்டளையை ஓட்டினேன். `tsv` என்று முடித்ததால் ஒவ்வொரு சொல்லோடும் அது படத்தில் இருக்கும் இடமும், நூற்றுக்கு எவ்வளவு நம்பிக்கை என்ற மதிப்பெண்ணும் வந்தன. மதிப்பெண்ணையும் சொல்லையும் மட்டும் காட்டுகிறேன்:

```
95  अब
68  ORlLO
93  प्रेशर
94  कुकर
```

பெயர் ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது, அதுவே பெரிய முன்னேற்றம். ஆனால் கூர்ந்து பாருங்கள்: நடுவில் இருப்பது பெரிய I அல்ல, சிறிய l. மற்றச் சொற்கள் தொண்ணூறைத் தாண்டியிருக்க இது 68இல் நிற்பதும் அதைத்தான் சொல்கிறது. 80க்குக் கீழே வரும் ஆங்கிலச் சொல் எதுவாயினும் நான் தனியாக மீண்டும் படிக்கிறேன். அதற்கு `left`, `top`, `width`, `height` என்ற நான்கு எண்களை வைத்து அந்தச் சொல்லை மட்டும் வெட்டி, சுற்றிலும் பத்துப் பிக்சல் வெள்ளை விளிம்பு விட்டு, ஆங்கிலத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டும்:

```
tesseract sol.png - -l eng --psm 8 -c load_system_dawg=0 -c load_freq_dawg=0
```

`--psm 8` என்றால் படத்தில் ஒரே சொல்தான் இருக்கிறது என்று பொருள். கடைசி இரண்டும் அகராதியை அணைக்கின்றன. அகராதி சாதாரண வாசகத்துக்குத் துணை, நிறுவனப் பெயருக்குப் பகை. பெயர்கள் வேண்டுமென்றே அகராதியில் இல்லாத எழுத்துக்கூட்டலில் வைக்கப்படுகின்றன. அகராதி அவற்றைத் தனக்குத் தெரிந்த சொல்லின் பக்கம் இழுக்கப் பார்க்கும். அணைத்த பிறகு `ORILO` என்று வந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அதை அப்படியே ஏற்பதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இணைய முகவரியோ மின்னஞ்சலோ அச்சிட்டிருப்பார்கள். அலங்காரம் இல்லாத எழுத்தில் நிறுவனத்தாரே கொடுத்த எழுத்துக்கூட்டல் அது. முகவரி முழுவதும் சிறிய எழுத்தில் இருப்பதால் I, l குழப்பமும் அங்கே இல்லை. பெயரை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே மொழிபெயர்ப்புக்கு அனுப்புகிறேன்.

ஒன்று கூட: பெயர் பெரிய எழுத்தில் இருப்பதால் எழுத்துணரி சில வேளை அதை வேறு வரி என்று நினைத்து வாசகத்தின் முன்னாலோ கடைசியிலோ கொண்டுபோய் வைக்கும். சொற்களின் நடு உயரத்தைக் கணக்கிட்டு, நெருங்கிய உயரத்தில் உள்ளவற்றை ஒரே வரியாகக் கொண்டு, இடமிருந்து வலமாக அடுக்கினால் ஒழுங்கு திரும்பிவிடும்.

விலை 1,495 ரூபாய். எனக்கு 21,495 என்று வந்தது. எழுத்துக் குழப்பத்துக்கும் இலக்கத்துக்கும் என்ன தொடர்பு?

ரூபாய்க் குறிதான் தொடர்பு. 2010இல் இந்தியா ஏற்றுக்கொண்ட அந்தக் குறியை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார். தேவநாகரி ரகரத்தையும் ஆங்கில R ஐயும் இணைத்தே அது அமைந்தது. இரண்டு எழுத்துக்கும் பொதுவான அந்த வடிவத்தை எழுத்துணரி சில வேளை 2 என்றும், சில வேளை 7 என்றும், F என்றும், ரகரம் என்றும் படிக்கிறது. முதலிரண்டும்தான் ஆபத்தானவை. 21,495 என்பதும் ஒழுங்கான விலையாகவே தெரிவதால் எந்தச் சோதனையிலும் மாட்டாது. மதிப்பெண்ணும் உயர்வாகவே இருக்கும்.

நான் செய்வது, குறியை விலக்கி இலக்கங்களை மட்டும் வெட்டியெடுத்து, இலக்கங்களைத் தவிர வேறெதையும் எழுதாதே என்று கட்டுப்படுத்திப் படிப்பது:

```
tesseract vilai.png - -l eng --psm 7 -c tessedit_char_whitelist=0123456789,
```

குறியை விலக்காமல் இந்தக் கட்டுப்பாட்டைப் போடாதீர்கள். குறியையும் ஓர் இலக்கமாக்கச் சொல்லி நீங்களே வற்புறுத்தியதாகிவிடும். விலையும், குக்கர் பெட்டியில் ISI முத்திரைக்கு மேலே இருக்கும் `IS 2347` என்ற தர இலக்கமும், கீழே `CM/L` என்று தொடங்கும் உரிம இலக்கமும் எப்போதும் கண்ணால் சரிபார்க்கப்பட வேண்டியவை. முத்திரையில் உள்ள எழுத்து மிகச் சிறியது. அதைத் தனியாகக் கிட்டப்போய் இன்னொரு படம் எடுத்துவிடுங்கள், பெருப்பித்து மல்லுக்கட்ட வேண்டாம்.

"பிரஷர் குக்கர்", "வாரண்டி" எல்லாம் ஆங்கிலம்தானே? அவற்றுக்கும் ஆங்கில மாதிரி வேண்டாமா?

வேண்டாம். சொல் ஆங்கிலமாக இருந்தாலும் எழுத்து தேவநாகரி. படத்தைப் படிக்கும் கட்டத்தில் எழுத்து மட்டுமே பொருட்டு. அந்தச் சொற்களை இந்தியாகவே படித்தெடுங்கள்.

அவை அடுத்த கட்டத்தில்தான் தொல்லை தரும். நிறுவனப் பெயரையே தேவநாகரியில் எழுதியிருந்தால், அது பெயரா பொதுச்சொல்லா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தேவநாகரியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடும் இல்லை. படத்தில் அந்தச் சொல் மட்டும் வேறு நிறத்தில் இருந்ததா, வேறு அச்செழுத்தில் இருந்ததா, பக்கத்தில் பதிவுக்குறி இருந்ததா என்பதுதான் தடயம். எழுத்தை எடுத்துக்கொண்டு படத்தை வீசிவிட்டால் அந்தத் தடயமும் போய்விடும். மொழிபெயர்ப்பவருக்குப் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

எனக்கு இந்தியில் ஒரு எழுத்தும் தெரியாது. எங்கே தவறு நடந்திருக்கிறது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தில் ஒரு வழி, எடுத்த எழுத்தில் ஒரு வழி.

படத்தில் தலைக்கோட்டைப் பாருங்கள். இந்திச் சொல்லின் எழுத்துகள் மேலே ஒரு கிடைக்கோட்டில் ஒன்றாகத் தொங்கும். ஆங்கிலச் சொல்லுக்கு அப்படிக் கோடு இராது. கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பி. பி. சவுதுரியும் யு. பாலும் 1990களில் இந்தி, வங்காளம், ஆங்கிலம் கலந்த பக்கங்களில் சொற்களைப் பிரிக்க இந்தத் தலைக்கோட்டையே முக்கிய அடையாளமாகக் கொண்டார்கள். படத்தில் கோடு இல்லாத சொற்கள் எத்தனை என்று எண்ணிவிட்டு, எடுத்த எழுத்தில் அத்தனை ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதற்கு இந்தி தெரியவேண்டியதில்லை. நவீன அலங்கார எழுத்து சிலவற்றில் தலைக்கோட்டையே நீக்கிவிடுகிறார்கள். அவற்றில் மட்டும் இது பலிக்காது.

எடுத்த எழுத்தில், ஒரே சொல்லுக்குள் இரண்டு எழுத்தும் கலந்திருக்கிறதா என்று தேடுங்கள். யூனிகோடில் தேவநாகரிக்குத் தனி வரிசை இருப்பதால் இது இலகு:

```python
import re
dev = re.compile(r'[\u0900-\u097F]')
lat = re.compile(r'[A-Za-z]')
for w in open('out.txt', encoding='utf-8').read().split():
    w = w.strip('।,.!')
    if dev.search(w) and lat.search(w):
        print(w)
```

தண்டாவை முதலில் களைந்திருப்பதைக் கவனியுங்கள். ஆங்கிலப் பெயரோடு வாக்கியம் முடியும்போது தண்டா அதோடு ஒட்டிக்கொண்டு வரும். களையாவிட்டால் சரியான சொல்லும் தவறென்று காட்டப்படும். ஆங்கிலச் சுருக்கத்தோடு இந்தி விகுதியை ஒட்டி எழுதும் வழக்கமும் உண்டு, அவையும் இந்தப் பட்டியலில் வரும். தவறாகப் படித்தவை பெரும்பாலும் பார்த்தவுடன் தெரியும்படி அலங்கோலமாக இருக்கும். `0२॥0` போன்று ஆங்கில எழுத்தே இல்லாமல் வருவது இதில் சிக்காது. ஆகவே இலக்கமும் தண்டாவும் ஒட்டி நிற்கும் சொற்களையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து விளம்பரத்தை PDF ஆகவே அனுப்பியிருக்கிறார்கள். நகலெடுத்து ஒட்டினால் எல்லாமே ஆங்கில எழுத்தாக வருகிறது. இது என்ன வகை?

இதைக் கொழும்பில் யாருக்கும் நீண்டு விளக்க வேண்டியதில்லை. பாமினியில் தட்டிய கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் "அம்மா" என்பது `mk;kh` என்று தெரியுமே, அதே கதை. இந்தியில் அந்த இடத்தில் இருப்பது Kruti Dev என்ற பழைய எழுத்துரு. அதில் "பாரத்" என்பது `Hkkjr` என்று வரும்.

அதற்கு மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் நகலெடுத்ததை முழுவதாக அதில் போட்டால் உண்மையான ஆங்கிலப் பெயரையும் Kruti Dev என்று எண்ணி இந்திக் குப்பையாக்கிவிடும். நகலெடுத்த கணத்திலேயே எது எந்த எழுத்துருவில் இருந்தது என்ற செய்தி தொலைந்துவிடுவதே காரணம். எனவே நகலெடுக்காமல் எழுத்துரு விவரத்தோடு வெளியே எடுங்கள்:

```
pdffonts vilambaram.pdf
pdftohtml -xml vilambaram.pdf
```

முதலாவது, கோப்பில் உள்ள எழுத்துருக்களின் பெயர்களைக் காட்டும். இரண்டாவது தரும் கோப்பில் ஒவ்வொரு துண்டு வாசகத்துக்கும் எழுத்துரு எண் ஒட்டியிருக்கும். Kruti Dev எண் உள்ளவற்றை மட்டும் மாற்றிக்குக் கொடுத்து, மற்றவற்றைத் தொடாமல் விடுங்கள். இப்படிப் பிரித்தால் எழுத்துணரியைவிடச் சுத்தமான விடை கிடைக்கும், I யும் l உம் குழம்பவே குழம்பாது. முதலாவது கட்டளையில் ஓர் எழுத்துருவும் வராவிட்டால் வாசகம் முழுவதையும் படமாகவோ வெறும் கோடுகளாகவோ மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அப்போது மேலே சொன்ன படவழிதான்.

நம்முடைய சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் உள்ள கடைப் பலகைகளுக்கும் இதே முறைதானா?

அடிப்படை அதுதான், இரண்டு இடங்களில் மாறும். முதலாவது, தலைக்கோட்டுத் தந்திரம் இங்கே இல்லை. சிங்களத்துக்கும் தமிழுக்கும் அப்படிக் கோடு கிடையாது. அதற்குப் பதிலாக நம் பலகைகளில் பெரும்பாலும் ஒரு வரிக்கு ஒரு எழுத்து என்ற ஒழுங்கு இருக்கிறது. ஆகவே வரிவரியாக வெட்டி, சிங்கள வரியை `script/Sinhala` இடமும் தமிழ் வரியை `script/Tamil` இடமும் கொடுத்தால் போதும். இரண்டிலும் ஆங்கிலம் சேர்ந்தே இருப்பதால் நடுவில் வரும் நிறுவனப் பெயரையும் அவையே சமாளிக்கும். மூன்று மொழியையும் கூட்டல் குறியால் சேர்த்து முழுப் பலகையையும் ஒரே மூச்சில் படிக்க முயலாதீர்கள். மெதுவாக ஓடும், சிறிய சொற்கள் மொழி மாறி விழும்.

இரண்டாவது, சிங்களத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பெழுத்து உண்டு, `U+200D`. ශ්‍රී என்பதில் மெய்யையும் ரகரத்தையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். எடுத்த எழுத்தைச் "சுத்தம்" செய்யும் நிரல்கள் பல, தெரியாத எழுத்து என்று அதை நீக்கிவிடுகின்றன. உடனே அந்தச் சொல் `ශ්රී` என்று உடைந்து அச்சாகும். இந்திக்கு எழுதிய நிரலைச் சிங்களத்துக்குக் கொண்டுவரும்போது அந்த வரி இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள்.